அடுக்குமாடி வீட்டில் எண்ணெய்ச் சட்டியும் மெழுகும் தையல் மெஷினும்: தீப்பிடிக்காமல் தொழில் செய்யும் முறை

எங்கள் குடியிருப்பு சென்னையின் தென்பகுதியில் இருக்கிறது. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடிகள், 12 வீடுகள், ஒரே ஒரு படிக்கட்டு. அவற்றில் மூன்று வீடுகளில் தொழில் நடக்கிறது. மூன்றாம் மாடியில் பட்சணம், இரண்டாம் மாடியில் தையல், முதல் மாடியில் மெழுகுவர்த்தி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பட்சணம் செய்கிறவர் வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அவர் வாசலில் வந்த கூரியர்காரரிடம் பார்சலை ஒப்படைத்துப் பணத்தைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், காலியாகக் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய் தானாகவே எரியத் தொடங்கியிருந்தது. பெரிய தாம்பாளம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அதைக்கொண்டு மூடினார். சுவர் கறுத்ததோடு போயிற்று. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், தரைத்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவரை அழைத்துக்கொண்டு மூன்று வீடுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். புதிதாக இத்தகைய தொழிலை வீட்டில் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை, அன்று அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வாசல்

அடுப்பைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் முதலில் பார்த்தது வாசற்கதவை. பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்கு வெளியேற ஒரே வழிதான் உண்டு. மரக்கதவு ஒன்று, அதற்கு வெளியே பூட்டுப்போட்ட இரும்புக் கிரில் கேட் ஒன்று. ஜன்னல்களும் பால்கனியும் கம்பி அடைத்தவை. திருடனுக்காகப் போட்ட இந்தக் கம்பிகள் புகை சூழும்போது நம்மையே உள்ளே அடைத்துவிடும். பட்சண வீட்டில் கிரில் சாவி பூஜை அறை அலமாரியில் இருந்தது, அதாவது அடுப்படியைத் தாண்டிச் சென்றுதான் எடுக்க வேண்டும். வேலை நடக்கும் நேரத்தில் கிரில் கேட்டைப் பூட்டாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டுவைக்க வேண்டும். பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சாவி கதவுக்குப் பக்கத்தில், குழந்தைக்கும் எட்டும் உயரத்தில், ஓர் ஆணியில் தொங்க வேண்டும். வேறெங்கும் அது போகக் கூடாது. பால்கனிக் கம்பியில் திறக்கும் பகுதி ஒன்றை வைத்துக்கொள்வதும் நல்லது.

அடுத்து, வாசலுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் இடையே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். அட்டைப்பெட்டிகள், பிளாஸ்டிக் டப்பாக்கள், துணி மூட்டைகள் எல்லாம் இடம் போதாத வீட்டில் தாமாகவே வாசலை நோக்கி நகர்ந்து, பிறகு படிக்கட்டுத் திருப்பத்துக்கும் வந்துவிடுகின்றன. "ரெண்டு நாள்தான் சார், டெலிவரி ஆயிடும்" என்பார்கள். அந்த இரண்டு நாளில் படிக்கட்டில் தீப்பிடித்தால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமன்றி மேலிருக்கும் அத்தனை வீடுகளுக்கும் வழி அடைபடும். புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். இந்த ஒன்றில் மட்டும் எங்கள் சங்கம் யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

பிறகு சிலிண்டர்

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்த விதிகளில் இடமில்லை. வணிகத்துக்கென 19 கிலோ சிலிண்டர் தனியாக உண்டு. இதை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், பலர் இந்த விதியை மீறாமல் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் போகிறார்கள் என்பதே. பெரிய சிலிண்டரை வாங்கி, அழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் ரெகுலேட்டரைப் பொருத்தி, கல்யாண வீட்டு அடுப்பைப் பால்கனித் தரையில் வைத்துவிடுகிறார்கள். காற்றோட்டமான இடம்தானே என்று தோன்றும். ஆனால் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாமல் தரையோடு தரையாகத் தேங்கும். சிமெண்டு கைப்பிடிச்சுவர் எழுப்பிய பால்கனி அதற்குத் தொட்டிபோல ஆகிவிடும். வீட்டு அடுப்பிலேயே முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள் என்பதே என் கருத்து. அதற்கு மேல் வளர்ந்தால், தரைத்தளத்தில் தனி இடம் பார்ப்பதுதான் முறை. தொடங்குவதற்கு முன்பே எரிவாயு விநியோகஸ்தரிடம் எவ்வகை இணைப்பு வேண்டும் என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிறக் குழாயாக இருக்கட்டும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுதான் அதன் ஆயுள். மாதம் ஒருமுறை சோப்பு நுரையைக் குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, காலிங் பெல் உட்பட. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டுமானால் கீழ்த்தள மீட்டர் பலகையில் துண்டியுங்கள்.

எண்ணெய்ச் சட்டியைக் கையாளும் விதம்

பட்சணத் தொழிலில் தீ பெரும்பாலும் எண்ணெயில்தான் தொடங்குகிறது. எனவே அது எப்படிப் பற்றுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். பூந்தி, முறுக்கு, மிக்சர் எல்லாம் சுமார் 170 முதல் 190 டிகிரி செல்சியஸில் வேகின்றன. ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 230 டிகிரியில் புகையத் தொடங்கும். அதற்கு மேலும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால், 350 டிகிரியை நெருங்கும்போது தீக்குச்சியோ பொறியோ தேவையின்றி எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். மாவு விழுந்துகொண்டிருக்கும்வரை அதிலுள்ள ஈரம் ஆவியாகி எண்ணெயைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. ஓர் ஈடு எடுத்து அடுத்த ஈடு போடுவதற்கு முன் உள்ள இடைவெளியில்தான் சூடு விறுவிறுவென்று ஏறுகிறது. மூன்றாம் மாடியில் நடந்ததும் அப்படித்தான். போன் வந்தாலும் பெல் அடித்தாலும் முதலில் கை போக வேண்டியது அடுப்புத் திருகுக்கு. ஈட்டுக்கு ஈடு நேரமாகும் என்று வருந்த வேண்டாம். நான்கு லிட்டர் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் ஆறிவிடாது.

எண்ணெய் புகைவதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். மெல்லிய நீலப் புகையும் மூக்கைக் காந்தும் வாடையும் வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும், பற்றும் என்பதால், தீபாவளி வாரத்தில் நான்கு நாள் ஒரே எண்ணெயை ஓட்டுவது ருசியை மட்டும் கெடுப்பதில்லை. சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாவுத் துளியைப் போட்டுப் பார்க்கும் கைப்பழக்கம் எண்ணெய் காய்ந்துவிட்டது என்பதைச் சொல்லும், எவ்வளவு அதிகமாகக் காய்ந்துவிட்டது என்பதைச் சொல்லாது.

சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. ஈரமான மாவைப் போட்டதும் எண்ணெய் பொங்கி எழும். விளிம்பைத் தாண்டி வழிந்தால் கீழேயுள்ள சுடரில் விழும். சீடை செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரிந்திருக்கும்: உருண்டை வெடித்து எண்ணெயைக் கூரைவரை அடிப்பது. வழவழப்பாக இறுக்கி உருட்டிய சீடையின் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. மாவை நன்றாகச் சலித்து, தளர்வாக உருட்டி, துணியில் சற்று உலரவைத்து, ஊசியால் ஒரு குத்துக் குத்திப் போட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி, பற்றிவிட்டால் செய்ய வேண்டியது. சட்டியைவிட அகலமான, பிடியுள்ள, தட்டையான இரும்பு அல்லது எவர்சில்வர் மூடி ஒன்று, அடுப்புக்குப் பின்னால் அல்லாமல் பக்கவாட்டில், எப்போதும் சாய்த்து வைத்திருக்கப்பட வேண்டும். தாம்பாளம் வெளியே அப்பளம் உலர்த்தப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வீட்டுக்காரர் இன்றும் சொல்வார். சுடருக்கு மேலாகக் கையை நீட்டாமல் திருகை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் முதலில் மூடுங்கள், பிறகு ரெகுலேட்டரை மூடுங்கள். மூடியைக் கேடயம்போல முன்னால் பிடித்துக்கொண்டு, உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கிச் சறுக்கிவிட வேண்டும். மேலிருந்து தூக்கிப் போடக் கூடாது. அதன்பின் அரைமணி நேரமாவது, சட்டி தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை, திறந்து பார்க்கவே கூடாது. உள்ளே எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டில்தான் இருக்கும். காற்றுப் பட்டால் மீண்டும் எரியும்.

தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் இறங்கி, அங்கே ஒரே நொடியில் ஆவியாகிறது. ஆவியான தண்ணீர் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் முழுவதும் துளிகளாகக் கிளம்பிச் சமையலறையையே நிரப்பிவிடும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்கோ வாசலுக்கோ ஓடுவதும் இதே அளவு கொடியது. பட்சண வீட்டுக்கே உரிய இன்னொரு தவறும் உண்டு: கைக்குக் கிடைத்த கடலைமாவையோ மைதாவையோ சர்க்கரையையோ வீசுவது. மணலைப் போல இது தீயை மூடிவிடும் என்று நினைக்கிறார்கள். காற்றில் பறக்கும் மாவுத் தூசு தானே குப்பென்று பற்றக்கூடியது.

சிம்னி இருந்தால், வேலை மும்முரமாக இருக்கும் வாரங்களில் அதன் வடிகட்டியை வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். அதில் படியும் பிசுக்கும் எண்ணெய்தான். கீழே ஒரு சுடர் எழுந்தால் முதலில் அதைத்தான் தொடும். தீப்பிடித்த நேரத்தில், சுடரைத் தாண்டாமல் சுவிட்சு எட்டுமானால், சிம்னியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் அணைத்துவிடுங்கள்.

மெழுகும் அதே கதைதான்

மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் எண்ணெயைப் பற்றிச் சொன்னது தமக்கில்லை என்று தாண்டிப் போக வேண்டாம். பாரஃபின் மெழுகு சுமார் 60 டிகிரியில் உருகிவிடும். நம்முடைய தேவை அதிகம் போனால் 85 டிகிரி. ஏறத்தாழ 200 டிகிரியைத் தொட்டால் அதிலிருந்து எழும் ஆவி ஒரு பொறியில் பற்றும். இடையில் புகையைத் தவிர வேறு எச்சரிக்கை கிடையாது, கொதிப்பதும் இல்லை. எனவே பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மெழுகும் தாண்டாது. இந்தக் காவல் தண்ணீர் இருக்கும்வரைதான். முதல் மாடியில் நாங்கள் பார்த்தபோது வெளிப்பாத்திரத்தில் விரலளவு தண்ணீரே மிஞ்சியிருந்தது. அவர் ஜாடிகளில் திரி ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போது அடுப்புப் பக்கத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் டைமர் ஒன்றை வைத்திருக்கிறார். அது அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் பார்க்கிறார்.

வாசனை எண்ணெயை அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மேடையில் இறக்கிய பிறகே கலக்க வேண்டும். சில வாசனை எண்ணெய்களின் ஆவி மெழுகைவிட வெகு குறைந்த சூட்டிலேயே பற்றும். எத்தனை டிகிரி என்பதை விற்பவர் தரும் தகவல் தாளில் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளைத் தராதவரிடம் வாங்காதீர்கள். மெழுகு பற்றினாலும் மருந்து மூடிதான், தண்ணீரல்ல.

தையல் அறையில் மின்சாரம்

தையலில் சுடர் இல்லை. சூடாகும் பிளக்கும் அயர்ன் பாக்ஸும்தான் கவலை. இரண்டாம் மாடியில் ஹாலில் இருந்த ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைச் செருகி, அதில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ், 400 வாட் மோட்டார் வைத்த தையல் மெஷின், இன்னொரு 400 வாட் ஓவர்லாக் மெஷின் மூன்றும் ஓடின. மொத்தம் 1,800 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 7.8 ஆம்பியர் வருகிறது, பிளக் தாங்குவது ஆறுதான். "டிரிப்பர் விழவே இல்லையே" என்றார் அவர். விழாது, அந்த வரிசைக்குப் போட்டிருந்த எம்.சி.பி. 10 ஆம்பியர். அது சுவருக்குள் இருக்கும் வயரைக் காக்கிறதே தவிர, பிளக்கையும் ஜங்ஷன் பாக்ஸையும் காப்பதில்லை. தளர்ந்துபோன ஒரு திருகினால் பிளக் சூடாவதையும் அது உணராது.

எனவே கையாலும் மூக்காலும் சோதிக்க வேண்டியிருக்கிறது. அரைமணி நேரம் தேய்த்த பிறகு சுவிட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாவிட்டால் தவறு. துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருப்பது, சுவிட்ச் போர்டிலிருந்து கருவாடு போன்ற வாடை வருவது, அயர்ன் பாக்ஸ் போட்டால் விளக்கு மங்குவது எல்லாம் எலெக்ட்ரீஷியனை அன்றைக்கே அழைக்க வேண்டிய அறிகுறிகள். அந்த வீட்டில் நாங்கள் செய்த திருத்தம் எளியது: அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தோம், மெஷின்கள் இரண்டும் பழைய இடத்திலேயே ஓடுகின்றன.

நம் ஊரில் கரண்ட் போவதோடு சேர்ந்த ஒரு விபத்தும் உண்டு. தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுக் காற்று வாங்கக் கீழே போகிறார்கள், அல்லது கடைக்கே போய்விடுகிறார்கள். ஆளில்லாத அறையில் கரண்ட் வந்ததும் பெட்டி மீண்டும் சூடாகிறது. கரண்ட் போனவுடன் முதல் வேலையாக அயர்ன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மெழுகை மின்சார அடுப்பில் உருக்குகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். வெட்டுத்துணிச் சாக்கு அயர்ன் மேசைக்குக் கீழே இருக்கக் கூடாது. பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், ஒட்டிக்கொண்டே எரியும் என்பதால் உடனே தெரிந்துவிடும். பருத்திக் குவியலோ ஒரு கங்கை உள்ளே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் புகைந்துவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு சுடர்விடும்.

அணைப்பானும் ஓட வேண்டிய கணமும்

நான்கு கிலோ ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் ஒன்றை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் எரியும்போது எடுக்க முடியாது. முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். துணி, அட்டை, மின்கருவி பற்றினால் இது ஏற்றது. முடிந்தால் மின்சாரத்தை முதலில் துண்டிக்கவும். எண்ணெய்க்கும் மெழுகுக்கும் மூடியே முதல் மருந்து, ஏனெனில் பவுடர் சுடரை அடக்கினாலும் எண்ணெயைக் குளிர்விக்காது, கிட்டத்திலிருந்து அடித்தால் எண்ணெயைச் சிதறவும் செய்யும். பின்னைப் பிடுங்கி, சுடரின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்படி நின்று அடிக்க வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து வினாடிதான் வரும்.

அது தீர்ந்தும் தீ அணையவில்லை என்றாலோ, தீ கூரையைத் தொட்டுவிட்டாலோ, புகை தலைமட்டத்துக்கு இறங்கிவிட்டாலோ அதற்கு மேல் முயல வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டியபடி படிக்கட்டில் இறங்கி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். லிஃப்ட் வேண்டாம். சாத்திய கதவு புகையைப் படிக்கட்டுக்கு வரவிடாமல் சில நிமிடமாவது தடுத்துவைக்கும்.

இரவில் கடைசி வேலை

வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவது, பிளக்குகளைப் பிடுங்குவது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது எண்ணெயிலிருந்து அரித்தெடுத்த தூளைப் பற்றியது. பூந்தி தேய்க்கும்போதும் மிக்சர் பொரிக்கும்போதும் அடியில் தங்கும் கருகல் தூளைச் சல்லடைக் கரண்டியால் எடுத்து, சூட்டோடு ஒரு டப்பாவிலோ குப்பைப் பையிலோ கொட்டிக் குவிக்கிறோம். எண்ணெய் தோய்ந்த அந்தக் குவியல் உள்ளே ஆறாமல், காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறி, சில மணி நேரம் கழித்துத் தானாகவே பற்றக்கூடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தாலும் இப்படி நடப்பதுண்டு. துணிகளை விரித்துப் பால்கனிக் கொடியில் போடுங்கள். தூளைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் அளவுக்கு நன்றாக ஆறியபின் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் வாளியில் கொட்டி, காலையில் குப்பை வண்டி வரும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.